பள்ளி இணையதளத்தில் பிள்ளைகளின் படம்: திறந்த பக்கமா, பூட்டிய ஆல்பமா, முகமே தெரியாத படமா?

ஆண்டு விழா முடிந்த இரண்டு மூன்று நாளில் போட்டோகிராபர் பென் டிரைவைக் கொண்டுவந்து கொடுத்துவிடுவார். ஐந்நூறு, அறுநூறு படங்கள் இருக்கும். "நல்லதாப் பார்த்து நம்ம வெப்சைட்ல ஏத்திடுங்க சார்" என்று தலைமையாசிரியர் அதைக் கணினி ஆசிரியரிடம் தருவார். அவரும் மதிய இடைவேளையில் அறுபது எழுபது படங்களைப் பொறுக்கி ஏற்றிவிடுவார். பல பள்ளிகளில் இந்த விஷயத்தில் முடிவெடுப்பது என்பதே இவ்வளவுதான். எந்தப் பிள்ளையின் படம், யார் பார்க்க, எத்தனை நாளைக்கு, வீட்டில் கேட்டார்களா என்ற கேள்விகள் எழுவதே இல்லை. ஏதாவது ஒரு பெற்றோர் போன் செய்து "எங்க பொண்ணு படத்தை எடுங்க" என்று சொல்லும்போதுதான் எழுகின்றன.

பள்ளிகளுக்கு இணையதளம் செய்து பராமரிப்பது என் தொழில். இதில் நான் கண்டது ஒன்று. பள்ளிப் படங்களுக்கு இரண்டு வகைப் பார்வையாளர்கள் இருக்கிறார்கள். ஒருவர் தன் பிள்ளையின் முகத்தைப் பார்க்க வரும் பெற்றோர். இன்னொருவர் பள்ளியில் என்னென்ன நடக்கிறது என்று பார்க்க வரும் வெளியாள். அவர் அடுத்த வருடம் பிள்ளையைச் சேர்க்க நினைப்பவராகவோ, பழைய மாணவராகவோ, நன்கொடையாளராகவோ இருக்கலாம். முதலாமவருக்கு முகம் வேண்டும், ஆனால் அது ஊருக்கெல்லாம் திறந்திருக்க வேண்டியதில்லை. இரண்டாமவருக்குத் திறந்த பக்கம் வேண்டும், ஆனால் எந்தப் பிள்ளையின் முகமும் பெயரும் அவருக்குத் தேவையில்லை. இந்த இருவருக்கும் ஒரே இடத்தில் பந்தி போடப் போவதால்தான் பெரும்பாலான சிக்கல் வருகிறது. இதை மனதில் வைத்துக்கொண்டு, பள்ளிகள் முன் இருக்கும் வழிகளைப் பார்ப்போம்.

பெயரோடும் முகத்தோடும் திறந்த பக்கத்தில்

நம் ஊரில் இது அதிகம் நடப்பது தேர்வு முடிவு வரும் நாளில். பெயர், மதிப்பெண், முகம் மூன்றும் ஒன்றாக வருவதுதான் அந்தப் படத்தின் நோக்கமே. தமிழ்நாடு அரசு 2017இல் மாநில ரேங்க் பட்டியலை நிறுத்திவிட்டாலும், பள்ளி அளவில் முதல் மூன்று பேரின் படத்தை ஃபிளெக்ஸிலும் இணையதளத்திலும் போடும் வழக்கம் நிற்கவில்லை. ஃபிளெக்ஸ் சில நாளில் கழன்றுவிடும். இணையப் பக்கம் பத்து வருடம் கழித்தும் அந்தப் பெயரைத் தேடினால் வரும்.

பிரிட்டன் பள்ளிகளில் நெடுநாளாக ஒரு எளிய வழக்கம் உண்டு. படம் போட்டால் பெயர் போடாதே, பெயர் போட்டால் படம் போடாதே. காரணம் எளிது. முகம் மட்டும் தெரிந்தால் அந்நியருக்கு அது ஏதோ ஒரு பிள்ளை. பெயர் மட்டும் தெரிந்தால் அது ஏதோ ஒரு பெயர். இரண்டும் பள்ளியின் முகவரியோடு சேர்ந்தால்தான், வாசலில் நின்று பெயர் சொல்லிக் கூப்பிட முடிகிறது.

படத்தின் கீழே மட்டும்தான் பெயர் இருக்கும் என்று நினைத்துவிட வேண்டாம். கோப்பின் பெயரே `7B-kavitha-first-prize.jpg` என்றிருந்தால் அதுவும் பெயர் போட்டதுதான். 2024இல் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் அமைப்பு, செயற்கை நுண்ணறிவு மாதிரிகளைப் பழக்கப் பயன்பட்ட லயன்-5பி என்ற பெரிய படத் தொகுப்பைச் சோதித்தது. அதில் பிரேசில், ஆஸ்திரேலியா நாட்டுக் குழந்தைகளின் படங்களுக்கு இணைப்புகள் இருந்தன. சில குழந்தைகளின் பெயர் படக்குறிப்பிலிருந்தோ, படம் இருந்த இணைய முகவரியிலிருந்தோ தெரிந்தது. யாரும் குறிவைத்து எடுத்ததில்லை. திறந்து கிடந்ததை இயந்திரம் வாரிக்கொண்டு போனதுதான்.

நம் பள்ளிகளில் இதைவிடப் பெரிய ஓட்டை ஒன்று உண்டு. படத்தின் தலைப்பு. "மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கு உபகரணம் வழங்கும் விழா", "ஆதிதிராவிடர் கல்வி உதவித்தொகை பெற்ற மாணவியர்" என்று தலைப்பிட்டு வரிசையாகப் பிள்ளைகளை நிறுத்திப் படம் போடுகிறார்கள். பெயர் இல்லை, சரி. ஆனால் அந்த ஊரில் முகம் தெரிந்தவர் எல்லோருக்கும் அந்தப் பிள்ளையின் சாதியோ உடல்நிலையோ வீட்டு வறுமையோ நிரந்தரமாக எழுதிக் கொடுத்தாகிவிட்டது. திட்டத்துக்கு ஆதாரமாக மேலிடத்துக்குப் படம் அனுப்ப வேண்டியிருக்கும், அது வேறு. அதே படம் பள்ளியின் பொதுப் பக்கத்துக்கு வர வேண்டிய அவசியமே இல்லை.

ஆகவே என் கணக்கில் இந்த வழி விதிவிலக்குக்கு மட்டும். மாநிலப் போட்டியில் பரிசு, பொதுத் தேர்வில் முதலிடம் போன்ற ஒரு செய்திக்கு, அந்தப் படத்தைக் காட்டி, அந்தப் பெற்றோரிடம் தனியாகக் கேட்டு வாங்கும் சம்மதத்தோடு. பிள்ளையிடமும் கேட்க வேண்டும். பதினாறு வயதுப் பெண்ணுக்குத் தன் முகம் எங்கே வர வேண்டும் என்று ஒரு கருத்து இருக்கும்.

பெயர் இல்லாமல், கூட்டமாக, திறந்த பக்கத்தில்

பாதுகாப்பானது என்று பலரும் நம்பும் வழி இது. பாதி சரி. மீதிப் பாதி படத்தின் அளவைப் பொறுத்தது.

ஒரு குரூப் போட்டோவை எடுத்துக்கொள்ளுங்கள். போனில் எடுத்தால் அகலம் சுமார் 4000 பிக்சல். ஒரு வரிசையில் பன்னிரண்டு பேர் என்றால் ஆளுக்கு முந்நூறுக்கு மேல் பிக்சல் கிடைக்கும், முகத்துக்கு மட்டும் நூறுக்கு மேல். தனியாக வெட்டி எடுத்து வேறு எதிலும் ஒட்டுவதற்கு அது தாராளம். அதே படத்தை 1000 பிக்சலுக்குச் சுருக்கினால் முகத்துக்கு முப்பது, முப்பத்தைந்து பிக்சல்தான் தேறும். தெரிந்தவர்கள் அடையாளம் காண்பார்கள். வெட்டி எடுத்தால் கட்டம் கட்டமாக உடையும்.

சுருக்குவதில் இன்னொரு லாபமும் உண்டு. பிள்ளைகள் கழுத்தில் ஐடி கார்டு தொங்கும். அதில் பெயர், அப்பா பெயர், ரத்த வகை, வீட்டு போன் நம்பர் எல்லாம் அச்சடித்திருப்பார்கள். முன்வரிசைப் பிள்ளையின் முழு அளவுப் படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள், போன் நம்பரைப் படிக்க முடியும். படம் எடுக்கும்போது கார்டைத் திருப்பிவிடச் சொல்வது நல்லது. மறந்தால் சுருக்கிய படம் காப்பாற்றும்.

பல பள்ளித் தளங்கள் ஓடும் வேர்ட்பிரஸ் மென்பொருள் தானாகவே சுருக்கிக்கொள்ளும் என்று சிலர் சொல்வார்கள். சுருக்குகிறது, உண்மை. ஆனால் நீங்கள் ஏற்றிய மூலப் படத்தையும் சர்வரில் வைத்துக்கொள்கிறது. 2560 பிக்சலுக்கு மேற்பட்ட படத்துக்கு `-scaled` என்று முடியும் ஒரு நகலைச் செய்து பக்கத்தில் காட்டும். முகவரியில் அந்தச் சொல்லை நீக்கிவிட்டுத் திறந்தால் மூலப் படம் முழு அளவில் வந்து நிற்கும். அதனால் சுருக்கும் வேலையை ஏற்றுவதற்கு முன்பே நம் கணினியில் முடித்துவிட வேண்டும். இமேஜ்மேஜிக் என்ற இலவச மென்பொருள் இருந்தால், படங்கள் இருக்கும் ஃபோல்டருக்குள் `out` என்று ஒரு ஃபோல்டர் உருவாக்கிவிட்டு, அங்கே கமாண்ட் பிராம்ப்டில் இந்த ஒரு வரி போதும்:

```
magick mogrify -path out -auto-orient -resize "1000x1000>" -strip -quality 80 *.jpg
```

மூலப் படங்கள் அப்படியே இருக்கும், சுருங்கியவை `out` ஃபோல்டரில் சேரும். `-strip` என்பது படத்துக்குள் ஒளிந்திருக்கும் விவரங்களை நீக்குகிறது. எந்தப் போன், எந்த நேரம், ஜிபிஎஸ் ஆன் ஆகியிருந்தால் எந்த இடம் என்பதெல்லாம் அதில் இருக்கும். `-auto-orient` இல்லாமல் விவரங்களை நீக்கினால் சில படங்கள் பக்கவாட்டில் படுத்துக்கொள்ளும், அதனால்தான் அது முன்னால் நிற்கிறது.

இருப்பிட விவரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. பள்ளி வளாகத்தில் எடுத்த படத்தில் ஜிபிஎஸ் இருந்தால் பெரிய நஷ்டமில்லை, பள்ளி முகவரி ஏற்கெனவே முகப்புப் பக்கத்தில் இருக்கிறது. ஆபத்து வீட்டிலிருந்து வரும் படங்களில்தான். பொங்கல் கோலம், மரம் நடுதல், செயல்திட்டம் என்று பெற்றோர் எடுத்து அனுப்பும் படத்தில் இருப்பது வீட்டின் இடம். வாட்ஸ்ஆப்பில் சாதாரணப் படமாக வந்தால் அந்த விவரம் உதிர்ந்துவிடும். டாக்குமென்டாகவோ மெயிலிலோ வந்தால் அப்படியே ஒட்டிக்கொண்டு வரும்.

பெற்றோருக்கு மட்டும், பூட்டிய ஆல்பம்

பெற்றோருக்குப் பிடித்த வழி இதுதான். பள்ளிகள் அதிகம் ஏமாறுவதும் இதில்தான். ஏனென்றால் பூட்டு எங்கே விழுகிறது என்று யாரும் சோதிப்பதில்லை.

வேர்ட்பிரஸில் ஒரு பக்கத்துக்குப் பாஸ்வேர்டு போடலாம். பாஸ்வேர்டு தெரியாதவருக்கு அந்தப் பக்கம் திறக்காது. ஆனால் படங்கள் அந்தப் பக்கத்துக்குள் இல்லை. அவை சர்வரில் `/wp-content/uploads/2026/01/` போன்ற ஒரு ஃபோல்டரில் கிடக்கின்றன. படத்தின் நேரடி முகவரி கிடைத்த யாரும் பாஸ்வேர்டு இல்லாமலே திறக்கலாம். சோதிப்பது சுலபம். பாஸ்வேர்டு கொடுத்து உள்ளே போய், ஒரு படத்தின் மேல் வலது கிளிக் செய்து அதன் முகவரியை நகலெடுங்கள். லாகின் ஆகாத இன்னொரு போனில், மறைநிலைச் சாளரத்தில் அதை ஒட்டுங்கள். படம் வந்தால் அது பூட்டில்லை, திரைச்சீலை.

அடுத்த சோதனை இன்னும் முக்கியம். அந்த முகவரியில் படத்தின் பெயரை நீக்கிவிட்டு ஃபோல்டரை மட்டும் திறந்து பாருங்கள். "Index of" என்று தொடங்கும் பட்டியல் வந்தால், அந்த மாதம் ஏற்றிய எல்லாப் படமும் யாருக்கும் வரிசையாகக் கிடைக்கும். அப்பாச்சி சர்வரில் `.htaccess` கோப்பில் இந்த ஒரு வரியைச் சேர்த்தால், ஹோஸ்டிங் நிறுவனம் அதை அனுமதித்திருக்கும் பட்சத்தில், பட்டியல் நின்றுவிடும்:

```
Options -Indexes
```

பட்டியல் நின்றாலும் நேரடி முகவரி வேலை செய்துகொண்டேதான் இருக்கும். ஆகவே உண்மையிலேயே பூட்ட வேண்டுமென்றால் படங்களைப் பள்ளி இணையதளத்தில் வைக்காமல், ஒவ்வொரு கோப்புக்கும் அனுமதி பார்க்கும் இடத்தில் வைப்பது மேல். பள்ளியின் பெயரிலுள்ள கூகுள் டிரைவில் வகுப்புக்கு ஒரு ஃபோல்டர். பகிரும் இடத்தில் `Restricted` என்று வைத்து, பெற்றோரின் மெயில் முகவரிகளை மட்டும் சேர்க்கலாம்.

இங்கே நடைமுறைச் சிக்கல் ஒன்று வரும். ஆண்ட்ராய்டு போன் வைத்திருக்கும் பெற்றோர் பெரும்பாலோருக்கும் ஒரு ஜிமெயில் இருக்கும், ஆனால் கடைக்காரர் போட்டுக் கொடுத்த அந்த முகவரி பலருக்கு நினைவில் இருக்காது. கிராமப் பள்ளியில் இதற்காக மல்லுக்கட்ட முடியாது. அப்படிப்பட்ட இடத்தில் `Anyone with the link` என்று வைத்து, லிங்கை வகுப்பு வாட்ஸ்ஆப் குரூப்பில் போட்டு, இரண்டு வாரத்தில் மூடிவிடுவது ஏற்கத்தக்க சமரசம். லிங்க் வெளியே போகலாம், ஸ்கிரீன்ஷாட் எடுக்கலாம், இரண்டையும் தடுக்க முடியாது. ஆனால் தேடுபொறிக்கும் படம் வாரும் இயந்திரத்துக்கும் அது எளிதில் சிக்காது. இரண்டு வாரம் கழித்து லிங்க் செத்துவிடும். மூடும் தேதியை லிங்கோடு சேர்த்தே எழுதிவிட்டால் "மேடம், படம் ஓபன் ஆகல" என்ற போன்களும் குறையும்.

ஃபேஸ்புக் பக்கம், யூடியூப் நேரலை ஆகியவற்றை நான் இந்த ஒப்பீட்டில் சேர்க்கவே இல்லை. அவை முதல் வழியைவிட மோசம். படத்தை இறக்கி மீண்டும் போட்டவர்களின் பக்கங்களில் என்ன ஆனது என்று பள்ளிக்குத் தெரியாது, அந்த நகல்களை நீக்குவதும் நம் கையில் இல்லை. இதில் கவனிக்காமல் விடப்படுபவர் போட்டோகிராபர். ஸ்டுடியோவின் சொந்த ஃபேஸ்புக் பக்கத்தில் "இன்று எங்கள் கேமராவில்" என்று அவர் போட்டுவிட்டால், பள்ளி எடுத்த முன்னெச்சரிக்கை எல்லாம் வீண். விழாவுக்கு ஆர்டர் கொடுக்கும்போதே எந்தப் படத்தையும் வீடியோவையும் தாமாக வெளியிடக் கூடாது, பென் டிரைவ் கொடுத்தபின் தம்மிடமுள்ள நகலை அழித்துவிட வேண்டும் என்று இரண்டு வரி எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும்.

முகமே தெரியாத படம்

இதைச் சொன்னால் ஆசிரியர்கள் முகம் சுளிப்பார்கள், "அப்புறம் என்னத்தப் படம்?" என்று. ஆனால் வெளியாள் பார்க்க வருவது என்ன? அறிவியல் கண்காட்சியில் பிள்ளைகள் செய்த காற்றாலை, மண்ணில் புதைந்த கைகள், கரும்பலகையை நோக்கி உட்கார்ந்திருக்கும் பின்தலைகள், சதுரங்கப் பலகை மேல் குனிந்த இருவரின் விரல்கள், மேடையின் பின்னாலிருந்து எடுத்த பார்வையாளர் கூட்டம். நல்ல ஆசிரியர் எடுத்தால் இவை நூறு குரூப் போட்டோவைவிடப் பள்ளியைப் பற்றி அதிகம் சொல்லும். வரிசையாக நின்று சிரிக்கும் படத்தில் எந்தப் பள்ளிக்கும் இன்னொரு பள்ளிக்கும் என்ன வித்தியாசம்?

முகம் தெரியும்படி எடுத்துவிட்டுப் பிறகு மறைப்பது வேறு விஷயம். அதை நான் பரிந்துரைப்பதில்லை. லேசான மங்கல் போட்டால் தெரிந்தவர்களுக்கு ஆளைத் தெரியும். முகத்தைச் சுழல் போலத் திருகி மறைத்தால் அந்தத் திருகலைப் பின்னோக்கி விலக்கிவிடலாம், 2007இல் ஜெர்மன் காவல்துறை நிபுணர்கள் அப்படி விலக்கிய முகத்தை வைத்துத்தான் இன்டர்போல் ஒரு குற்றவாளியைத் தேடியது. பவர்பாயின்ட்டிலோ வேர்டிலோ படத்தை வெட்டினால், வெட்டிய பகுதி கோப்புக்குள்ளேயே தங்கியிருக்கும். ஒரு ஸ்மைலியை மேலே வைத்தால் அதை நகர்த்திவிட்டுக் கீழே இருப்பதைப் பார்க்கலாம். அந்தக் கோப்பையே அப்படியே இணையதளத்தில் ஏற்றும் பள்ளிகள் நிறைய. எல்லாவற்றையும்விட, முப்பது முகத்தில் ஒன்றை மட்டும் மறைத்தால் எல்லோர் கண்ணும் அங்கேதான் போகும். அந்தப் பிள்ளைக்கு என்ன பிரச்சினை என்று ஊரே கேட்கும்.

சம்மதம் வாங்குவது

எந்த வழியானாலும் முகம் தெரிந்தால் சம்மதம் வேண்டும். டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023இல் வந்தது. அதன் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டு, சம்மதம் தொடர்பான முக்கியப் பகுதிகள் நடைமுறைக்கு வர 18 மாத அவகாசம் தரப்பட்டிருக்கிறது. சட்டத்தின் கண்ணில் 18 வயது நிரம்பாத எல்லோரும் குழந்தைகள், அவர்கள் விவரத்தைக் கையாளப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க சம்மதம் வேண்டும். குழந்தைகள் தொடர்பான கடமையை மீறினால் அபராதம் ரூ. 200 கோடி வரை போகலாம். கல்வி நிறுவனங்களுக்கு ஒரு விலக்கு உண்டே என்று சிலர் நிம்மதியாக இருக்கிறார்கள். அந்த விலக்கு கல்விச் செயல்பாட்டுக்கும் குழந்தைகளின் பாதுகாப்புக்கும் செய்யும் கண்காணிப்புக்குத்தான். ஆண்டு விழாப் படத்தை விளம்பரத்துக்குப் போடுவதை அதற்குள் நுழைக்க முடியாது.

சம்மதம் என்பது குறிப்பிட்ட நோக்கத்துக்கானதாகவும் நிபந்தனையற்றதாகவும் இருக்க வேண்டும். கொடுப்பது எவ்வளவு சுலபமோ திரும்பப் பெறுவதும் அவ்வளவு சுலபமாக இருக்க வேண்டும். தமிழில் படித்துப் பார்க்கவும் வழி வேண்டும். இதை வைத்துப் பார்த்தால், சேர்க்கை விண்ணப்பத்தின் கடைசிப் பக்கத்தில் "பள்ளி எடுக்கும் படங்களைப் பயன்படுத்த எனக்கு ஆட்சேபம் இல்லை" என்று ஆங்கிலத்தில் பொடி எழுத்தில் இருக்கும் வரி எந்தக் காலத்துக்கும் நிற்காது. எல்.கே.ஜி.யில் போட்ட கையெழுத்து பிளஸ் டூ வரை வராது.

நான் பள்ளிகளுக்குக் கொடுக்கும் படிவம் அரைப் பக்கம்தான். ஒவ்வொரு கல்வியாண்டு தொடக்கத்திலும் புதிதாக வாங்க வேண்டும். நடுப்பகுதி இப்படி இருக்கும்:

> 1. வகுப்புப் பெற்றோர் மட்டும் பார்க்கும் ஆல்பத்தில் (இரண்டு வாரம் மட்டும்) என் பிள்ளையின் படம் இருக்கலாம்: ஆம் / வேண்டாம்
> 2. பள்ளி இணையதளத்தில், பெயர் இல்லாமல், பலரோடு சேர்ந்திருக்கும் படத்தில் என் பிள்ளை இருக்கலாம்: ஆம் / வேண்டாம்
> 3. பெயரோடு படம் போடுவதென்றால் ஒவ்வொரு முறையும் தனியாகக் கேட்போம்.
> காரணம் சொல்ல வேண்டியதில்லை. எந்த விடையாலும் உங்கள் பிள்ளை எந்த நிகழ்ச்சியிலிருந்தும் விலக்கப்படமாட்டார். பிறகு மனம் மாறினால் அலுவலக எண்ணுக்கு ஒரு செய்தி அனுப்பினால் போதும்.
> திரும்பி வராத படிவம் 'வேண்டாம்' என்று கொள்ளப்படும்.

"காரணம் சொல்ல வேண்டியதில்லை" என்ற வரியை எடுத்துவிடாதீர்கள். வீட்டை எதிர்த்துச் சாதி மாறித் திருமணம் செய்து, வேறு ஊருக்கு வந்து, உறவினர் கண்ணில் படாமல் வாழும் குடும்பங்கள் நம்மிடையே உண்டு. பிள்ளை யாரிடம் இருப்பது என்று நீதிமன்றத்தில் வழக்கு நடத்தும் தாய் உண்டு. அவர்கள் இதை வகுப்பாசிரியர் மேசை முன் நின்று விளக்க வேண்டிய நிலை வந்தால், விளக்காமல் 'ஆம்' என்று போட்டுவிட்டுப் போய்விடுவார்கள்.

அடுத்தது கையெழுத்து. டைரியில் வைத்து அனுப்பிய சீட்டில் அக்காவே அப்பா கையெழுத்தைப் போட்டுக் கொடுப்பது எல்லா ஆசிரியருக்கும் தெரியும். பெற்றோர் கூட்டத்து அன்று நேரில் வாங்குவது நல்லது. வராதவர்களுக்குச் சேர்க்கைப் பதிவேட்டில் உள்ள எண்ணுக்குப் பள்ளி எண்ணிலிருந்து செய்தி அனுப்பி, பதிலைப் பாதுகாத்து வைக்கலாம். பள்ளியிடம் ஏற்கெனவே இருக்கும் நம்பகமான விவரத்தை வைத்துப் பெற்றோரைச் சரிபார்ப்பதை விதிகளும் ஒரு வழியாக ஏற்கின்றன.

ஒரு வகுப்பை வைத்துப் பார்த்தால்

ஆறாம் வகுப்பு, 36 பிள்ளைகள் என்று வைத்துக்கொள்வோம். இரண்டுக்கும் 'ஆம்' 25 பேர். ஆல்பம் மட்டும் போதும் என்றவர்கள் 6 பேர். எதுவும் வேண்டாம் 3 பேர். படிவம் வராதது 2, அவர்களும் 'வேண்டாம்' கணக்கில். ஆண்டு விழாவில் இந்த வகுப்பின் கும்மியாட்டத்தில் பன்னிரண்டு பேர். அதில் ஒரு பெண் 'வேண்டாம்' பட்டியலில், இருவர் 'ஆல்பம் மட்டும்'.

முதலில் செய்யக் கூடாதது, அந்தப் பெண்ணை ஆட்டத்திலிருந்து எடுப்பதும், படத்துக்காக ஓரத்துக்கு மாற்றுவதும். மாற்ற வேண்டியது போட்டோகிராபர் நிற்கும் இடத்தை. ஒத்திகை அன்றே, அந்தப் பெண் பெரும்பாலும் மேடையின் எந்தப் பக்கம் நிற்கிறாள் என்று பார்த்து, எதிர்ப்பக்கத்து மூலையில் நின்று நெருக்கமாகச் சில படங்கள் எடுக்கச் சொல்ல வேண்டும். பட்டியல் படம் எடுக்கப் பொறுப்பான ஆசிரியரிடம் மட்டும் இருக்கும். மைக்கில் "படம் வேண்டாம்னு சொன்ன பிள்ளைங்க எல்லாம் கீழ இறங்குங்க" என்று சொல்லும் கொடுமையும் சில இடங்களில் நடப்பதால் சொல்கிறேன்.

பென் டிரைவ் வந்ததும் மூன்று குவியல். அந்தப் பெண் தெரியாத படங்கள் ஆல்பத்துக்கு. அவள் தெரியும் படங்களில் நல்லதாக ஒன்றிருந்தால், அவள் வீட்டுக்கு மட்டும் தனியாக அனுப்பலாம், தன் பிள்ளை ஆடியதைப் பார்க்கும் ஆசை அந்தத் தாய்க்கும் உண்டு. பொதுப் பக்கத்துக்கு, மூவரும் இல்லாத படம் கிடைத்தால் சரி, கிடைக்காவிட்டால் கும்மி வட்டத்தின் கைகளும் பாவாடைச் சுழற்சியும் மட்டும் தெரியும் ஒரு படம், அல்லது மண்டபத்தின் கடைசியிலிருந்து எடுத்த மேடை முழுவதும் தெரியும் படம். பின்னதையும் சுருக்கியபின் பெரிதாக்கிப் பார்த்து, முகம் தெரிகிறதா என்று உறுதி செய்ய வேண்டும். ஒரு வகுப்புக்கு ஒரு மணி நேர வேலை இது. ஏற்றுவதற்கு அறுபது எழுபது படம் தேவை என்ற எண்ணத்தை விட்டால் அதிலும் பாதிதான்.

இதை வைத்து என் முடிவைச் சொல்லிவிடுகிறேன். பொதுப் பக்கத்துக்கு முகம் தெரியாத படங்களை வழக்கமாக்கி, விழாவுக்கு நாலைந்து சுருக்கிய கூட்டப் படங்களை மட்டும் சேர்ப்பது. முகம் தெரியும் படங்களுக்கு வகுப்புவாரியான ஆல்பம், மூடும் தேதியோடு. பெயரும் முகமும் சேர்ந்த படம் ஆண்டுக்கு ஒன்றிரண்டு, தனிச் சம்மதத்தோடு. நேரமோ ஆளோ இல்லாத சிறு பள்ளி என்றால் ஆல்பத்தையும் விட்டுவிட்டு, முகம் தெரியாத படங்களோடு நிறுத்திக்கொள்ளலாம். பெற்றோர் எப்படியும் தங்கள் போனில் எடுத்திருப்பார்கள். அவர்களைத் தடுக்க முடியாது, உங்கள் பிள்ளை படத்தை மட்டும் ஸ்டேட்டஸில் வையுங்கள் என்று மேடையில் கேட்டுக்கொள்ளலாம்.

எடுக்கச் சொன்னால்

பெற்றோர் ஒருவர் படத்தை நீக்கச் சொல்கிறார். பக்கத்திலிருந்து படத்தை எடுத்துவிட்டு "எடுத்தாச்சு" என்பது போதாது. வேர்ட்பிரஸில் ஒரு படத்தை ஏற்றினால் சிறிதும் பெரிதுமாகப் பல நகல்கள் உருவாகின்றன. பக்கத்தில் நீக்கினால் அவை சர்வரிலேயே இருக்கும். மீடியா லைப்ரரியில் போய் நிரந்தரமாக நீக்கினால்தான் எல்லாம் போகும். பிறகு பழைய முகவரியைத் திறந்து, படம் வரவில்லை என்று பார்க்க வேண்டும். வந்தால், பக்கம் வேகமாகத் திறப்பதற்காகச் சேமித்து வைக்கும் கேஷ் நகல் எங்கோ இருக்கிறது, ஹோஸ்டிங் பக்கத்தில் அதைக் காலி செய்ய வேண்டும்.

கூகுள் படத் தேடலில் சில நாள் சிறு உருவமாக அது நிற்கக்கூடும். தளம் வைத்திருப்பவர்களுக்குக் கூகுள் தரும் சர்ச் கன்சோலில் நீக்கக் கோரிக்கை கொடுத்தால் சீக்கிரம் மறையும், ஆனால் அது சுமார் ஆறு மாதத்துக்கு மறைப்பது மட்டுமே. மூலம் உண்மையில் அழிந்திருந்தால்தான் திரும்ப வராது. 18 வயதுக்கு உட்பட்டவரின் படத்தைத் தேடல் முடிவிலிருந்து நீக்கச் சொல்லிப் பெற்றோரே கூகுளிடம் கேட்கும் வசதியும் 2021 முதல் இருக்கிறது. பள்ளி மெத்தனமாக இருந்தால் அவர்கள் அதைச் செய்யலாம்.

மறந்துபோகும் இடம் பிடிஎஃப் ஆண்டு மலர். அதே படம் அதற்குள்ளும் இருக்கும், அதை யாரும் தேடிப் பார்ப்பதில்லை. அதற்கு ஒரு நோட்டு போட்டு வைத்தால் போதும். வெளியிட்ட படத்தின் கோப்புப் பெயர், எந்தெந்த இடத்தில் போட்டோம், எந்தத் தேதியில், அதில் தெரியும் பிள்ளைகளின் சேர்க்கை எண். கோப்புக்கு `2026-vizha-014.jpg` போல எண் மட்டும் இருந்தால், பெயர் நோட்டுக்குள்ளேயே நின்றுவிடும். மே மாதத்தில் அந்த நோட்டைத் திறந்து, பள்ளியை விட்டுப் போன பிள்ளைகள் தெரியும் படங்களைப் பொதுப் பக்கத்திலிருந்து எடுத்துவிட்டு, ஜூனில் புதுப் படிவத்தோடு தொடங்கலாம்.